இழுத்துப் பிடிக்கும் பிணைப்பு, இடம்விட்டு நிற்கும் மூலக்கூறுகள்

கேள்வி: பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். ஹைட்ரஜன் பிணைப்பு நீர் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது என்று புத்தகத்தில் இருக்கிறது. பனிக்கட்டியில் அந்தப் பிணைப்பு இன்னும் அதிகம் என்றும் இருக்கிறது. அப்படியானால் பனிக்கட்டி நெருக்கமாகி, கனம் கூடி, மூழ்கத்தானே வேண்டும்? ஏன் மிதக்கிறது?

பதில்: ஹைட்ரஜன் பிணைப்பு இழுக்கிறது என்பது சரி. ஆனால் அது எல்லாப் பக்கமும் இழுப்பதில்லை. எத்தனை மூலக்கூறுகளை வேண்டுமானாலும் இழுப்பதும் இல்லை. குறிப்பிட்ட திசைகளில், நான்கு பேரை மட்டும் இழுக்கிறது. உங்கள் குழப்பம் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. கல்லூரியில் பல வருடங்கள் வேதியியல் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், இதே குழப்பத்தோடுதான் பாதி வகுப்பு முதலாம் ஆண்டுக்கு வந்து சேரும். கேட்காமல் மனப்பாடம் செய்துவிட்டு வந்திருப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் திசை பார்க்காத ஈர்ப்பு எப்படி நடந்துகொள்ளும் என்று பாருங்கள். ஆர்கான் அணுக்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்குள் இருப்பது வலுக்குறைந்த வாண்டர் வால்ஸ் ஈர்ப்பு. அதற்கு மேல், கீழ், இடம், வலம் எல்லாம் ஒன்றுதான். அதனால் ஆர்கான் உறையும்போது ஒவ்வோர் அணுவும் தன்னைச் சுற்றி எத்தனை பேரைச் சேர்க்க முடியுமோ அத்தனை பேரைச் சேர்த்துக்கொள்கிறது. அந்த எண்ணிக்கை 12. ஒரே அளவுள்ள கோளங்களை இதைவிட நெருக்கமாக அடுக்க முடியாது. திட ஆர்கான், திரவ ஆர்கானில் மூழ்கிவிடும். நீங்கள் பனிக்கட்டியிடம் எதிர்பார்ப்பது இந்த ஆர்கான் நடத்தையைத்தான். பெரும்பாலான பொருள்கள் அப்படித்தான் நடக்கின்றன என்பதால் எதிர்பார்ப்பில் தவறில்லை.

இனி நீருக்கு வருவோம். ஒரு மோல் நீர் 18 கிராம். 0 டிகிரி செல்சியஸில் திரவமாக இருக்கும்போது அது 18 மில்லிலிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். அதே 18 கிராம், அதே வெப்பநிலையில் பனிக்கட்டியாக மாறினால் அடைக்கும் இடம் 19.6 மில்லிலிட்டர். மூலக்கூறுகளின் எண்ணிக்கை மாறவில்லை, எடை மாறவில்லை. பருமன் மட்டும் ஏறக்குறைய 9 சதவீதம் கூடியிருக்கிறது. அதனால் அடர்த்தி ஒரு மில்லிலிட்டருக்கு 1 கிராமிலிருந்து 0.917 கிராமுக்கு இறங்கிவிடுகிறது. மிதப்பதற்கு இதுவே போதும், மீதியை ஆர்க்கிமிடீஸ் பார்த்துக்கொள்வார். கண்ணாடித் தம்ளரில் மிதக்கும் கட்டியில் 92 சதவீதம் நீருக்குள்ளேயும் 8 சதவீதம் வெளியேயும் இருப்பதற்குக் காரணமும் இந்த 0.917தான். ஆகவே நாம் விளக்க வேண்டியது மிதப்பதை அல்ல, கூடுதலாக வந்த அந்த 1.6 மில்லிலிட்டரை.

ஆக்சிஜன் அணுவின் வெளிக்கூட்டில் 6 எலக்ட்ரான்கள். அதில் இரண்டைக் கொடுத்து இரண்டு ஹைட்ரஜன்களோடு சகப்பிணைப்பு அமைத்துக்கொள்கிறது. மீதி நான்கும் இரண்டு தனித்த இரட்டைகளாக நிற்கின்றன. ஆக, இரண்டு பிணைப்பு இரட்டை, இரண்டு தனித்த இரட்டை, மொத்தம் நான்கு. நான்கும் எதிர்மின் தன்மை கொண்டவை என்பதால் ஒன்றையொன்று விலக்கி, நான்முகியின் நான்கு மூலைகளை நோக்கி நிற்கும். ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் பலமாக இழுப்பதால் ஹைட்ரஜன் ஏறக்குறைய வெறும் புரோட்டானாக நிற்கிறது. ஹைட்ரஜனுக்கு உள்கூட்டு எலக்ட்ரான் கிடையாது, மறைத்துக்கொள்ள வேறு உடை இல்லை. பக்கத்து மூலக்கூறின் தனித்த இரட்டை ஒன்றை நோக்கி அது நேராகத் திரும்புகிறது. அதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு. ஆக்சிஜன், ஹைட்ரஜன், எதிரிலுள்ள ஆக்சிஜன் மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் இருந்தால் பிணைப்பு வலுவாக இருக்கும். கோடு வளைய வளைய வலு குறையும்.

இதைக் கைகளாகவும் தோள்களாகவும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நீர் மூலக்கூறும் இரண்டு கைகளும் இரண்டு தோள்களும் உள்ள ஓர் ஆள். கை என்பது ஹைட்ரஜன், தோள் என்பது தனித்த இரட்டை. தன் இரண்டு கைகளை இரண்டு பேரின் தோளில் வைக்கிறார். தன் இரண்டு தோள்களில் வேறு இரண்டு பேரின் கைகளை ஏற்கிறார். நிபந்தனை ஒன்றே ஒன்று, கையை மடக்கக் கூடாது, நீட்டித்தான் வைக்க வேண்டும். இப்படி ஒரு மைதானம் நிறைய ஆட்கள் நின்றால் எல்லாரும் எல்லாரோடும் உறுதியாகப் பிணைந்திருப்பார்கள். ஆனால் அவர்களுக்கு நடுவே காலியிடங்கள் இருக்கும். அந்த இடத்தில் ஐந்தாவது ஆள் வந்து நிற்க வேண்டுமென்றால் யாராவது கையை எடுக்க வேண்டும் அல்லது மடக்க வேண்டும். கைகள் அதிகம் பிணைந்திருப்பதும் ஆட்கள் நெருக்கமாக நிற்பதும் ஒன்றல்ல என்பது இங்கே தெரியும்.

பனிக்கட்டியில் நடப்பது இதுவே, முப்பரிமாணத்தில். வில்லியம் பிராக் 1922இல் பனிக்கட்டியின் படிக அமைப்பைப் பற்றி எழுதினார். ஹைட்ரஜன்கள் அதில் எப்படி அமைந்திருக்கும் என்பதற்கான விதிகளை பெர்னாலும் பவுலரும் 1933இல் தந்தார்கள். அந்தப் படத்தின்படி ஒவ்வோர் ஆக்சிஜனையும் சுற்றி, நான்முகியின் மூலைகளில், 0.276 நானோமீட்டர் தூரத்தில், மிகச் சரியாக நான்கு ஆக்சிஜன்கள் இருக்கின்றன. அவற்றைத் தாண்டினால் அடுத்த சுற்று ஆட்கள் சுமார் 0.45 நானோமீட்டரில்தான் வருகிறார்கள். இடையில் ஒருவர்கூட இல்லை. ஆக்சிஜன்கள் ஆறு ஆறாகச் சேர்ந்து வளையங்கள் ஆகின்றன. வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைவதால் படிகத்துக்குள் குழாய் போன்ற வெற்றிடங்கள் ஓடுகின்றன. அந்த வெற்றிடத்தில் காற்று இருக்கிறது என்று சிலர் எழுதுவதுண்டு. அது தவறு, அங்கே ஒன்றுமே இல்லை.

எவ்வளவு காலி என்பதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு நீர் மூலக்கூறின் எடை, 18 கிராமை 6.022 × 10²³ ஆல் வகுத்தால் 2.99 × 10⁻²³ கிராம். அதை 0.276 நானோமீட்டர் விட்டமுள்ள ஒரு கோளம் என்று வைத்துக்கொண்டால் அதன் பருமன் 1.10 × 10⁻²³ கன சென்டிமீட்டர். கோளம் மட்டும் என்றால் அடர்த்தி 2.72. இனி அடுக்கும் விதம். ஆர்கான்போல 12 பேர் சூழ நெருக்கமாக அடுக்கினால் இடத்தில் 74 சதவீதம் நிரம்பும் என்று திடநிலைப் பாடத்தில் வரும். அப்படிச் செய்தால் அடர்த்தி 2.72 × 0.74, அதாவது 2.0. நான்கே பேர் சூழும் நான்முகி அடுக்கில், வைரத்தில் உள்ளதுபோல, 34 சதவீதம்தான் நிரம்பும். அப்போது அடர்த்தி 2.72 × 0.34, அதாவது 0.92. சோதனைச் சாலையில் அளந்த மதிப்பு 0.917. ஒரு தூரமும் ஒரு அடுக்கு முறையும் மட்டும் கொண்டு இவ்வளவு அருகில் வந்துவிட்டோம். ஹைட்ரஜன் பிணைப்புகள் திசை பார்க்காமல் இழுத்திருந்தால் பனிக்கட்டி நீரைப்போல இரண்டு மடங்கு அடர்த்தியோடு கல்லாக இறங்கியிருக்கும்.

இதே கணக்கைத் திரவ நீருக்குப் போட்டுப் பாருங்கள். அடர்த்தி 1.0 என்றால் நிரம்பிய இடம் சுமார் 37 சதவீதம். திரவ நீரும் அப்படியொன்றும் நெருக்கமானதல்ல. பனிக்கட்டியின் 34 சதவீதத்திலிருந்து 37க்குத்தான் வந்திருக்கிறது, 74க்கு அல்ல. இதைக் கவனித்தால், உருகும்போது ஹைட்ரஜன் பிணைப்புகள் எல்லாம் உடைந்துவிடுகின்றன என்ற பரவலான வாக்கியம் சரியாக இருக்க முடியாது என்று உடனே சந்தேகம் வரும். வர வேண்டும்.

ஆற்றல் கணக்கு அந்தச் சந்தேகத்தை உறுதி செய்கிறது. ஒரு மோல் பனிக்கட்டியை மூலக்கூறு மூலக்கூறாகப் பிரித்து நேரடியாக ஆவியாக்க சுமார் 51 கிலோஜூல் வேண்டும். ஆவியில் பிணைப்பே இல்லை என்பதால் எல்லாப் பிணைப்புகளையும் அறுப்பதற்கான விலை இது. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் நான்கு பிணைப்புகள், ஒவ்வொன்றையும் இருவர் பகிர்வதால் கணக்கில் மூலக்கூறுக்கு இரண்டு. ஆக ஒரு மோல் பிணைப்புக்குச் சுமார் 25 கிலோஜூல், அதில் வாண்டர் வால்ஸ் ஈர்ப்பின் பங்கும் கொஞ்சம் கலந்திருக்கிறது. மூலக்கூறுக்குள்ளே இருக்கும் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் சகப்பிணைப்பை அறுக்க சுமார் 460 கிலோஜூல் ஆகும் என்பதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு சிறியது என்று தெரியும். ஆனால் அதே ஒரு மோல் பனிக்கட்டியை உருக்க மட்டும் ஆகும் செலவு 6 கிலோஜூல். 51இல் 6 என்பது எட்டில் ஒரு பங்குகூட இல்லை. எல்லாப் பிணைப்பும் உடைந்திருந்தால் இந்த விலைக்கு முடிந்திருக்காது. தண்ணீருக்குள்ளும் பெரும்பாலான கைகள் தோளில்தான் இருக்கின்றன.

அப்படியானால் உருகும்போது என்னதான் மாறுகிறது? இங்கேதான் பலர் எதிர்பார்க்காத ஒன்று இருக்கிறது. எக்ஸ் கதிர்ச் சிதறல் அளவீடுகளின்படி, திரவ நீரில் பக்கத்து ஆக்சிஜனுக்கான சராசரித் தூரம் சுமார் 0.28 நானோமீட்டர். பனிக்கட்டியின் 0.276ஐவிட இது கூடுதல். கவனியுங்கள், உருகியபின் பக்கத்து வீட்டார் சற்றே தள்ளிப் போயிருக்கிறார்கள், நெருங்கவில்லை. இருந்தும் அடர்த்தி கூடுகிறது. காரணம், முன்பு வெறிச்சோடிக் கிடந்த 0.276க்கும் 0.45க்கும் இடைப்பட்ட பகுதிக்குள் ஆட்கள் வந்துவிடுகிறார்கள். சில பிணைப்புகள் அறுகின்றன, பல வளைகின்றன, வளையங்கள் நசுங்குகின்றன, காலியாக இருந்த இடத்தில் ஐந்தாவது மூலக்கூறு நுழைகிறது. சராசரி நெருங்கிய அண்டை எண்ணிக்கை 4இலிருந்து நான்கரையை ஒட்டி வருகிறது. பிணைப்பு சற்று நீண்டதால் இழந்ததைவிட, காலியிடம் நிரம்பியதால் வந்த லாபம் அதிகம். ஆகவே, "பனிக்கட்டியில் மூலக்கூறுகளுக்கு இடையே தூரம் அதிகம்" என்று மட்டும் எழுதினால் அது அரைகுறை. பிணைந்திருக்கும் அண்டையரின் தூரம் பனிக்கட்டியில்தான் குறைவு. பிணையாத அண்டையர் அங்கே இல்லாமல் போனதுதான் காலியிடம்.

எது உறுதி, எது இன்னும் பேச்சில் இருக்கிறது என்பதையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். பனிக்கட்டியின் அமைப்பு உறுதி, தூரங்கள் உறுதி, அடர்த்திகள் உறுதி, உருகும்போது சிறு பங்கு பிணைப்புகளே போகின்றன என்பதும் உறுதி. ஆனால் திரவ நீரில் ஒரு மூலக்கூறுக்குச் சரியாக எத்தனை ஹைட்ரஜன் பிணைப்புகள் என்று கேட்டால் ஒரே விடை கிடையாது. 3.5ஐ ஒட்டிய எண்ணைப் பலர் சொல்வார்கள். எந்தக் கோணம் வரை வளைந்தால் பிணைப்பு என்று எண்ணுவது, எந்தக் கோணத்தைத் தாண்டினால் அறுந்தது என்று எண்ணுவது என்பதைப் பொறுத்து அந்த எண் மாறும். அந்தப் பிணைப்புகள் ஒரு வினாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவிலான நேரத்தில் அறுந்தும் சேர்ந்தும் கொண்டிருக்கின்றன, ஆள் எண்ணி முடிப்பதற்குள் கை மாறிவிடும். திரவ நீர் என்பது விரிந்த அமைப்பு, நெருங்கிய அமைப்பு என இரண்டு வகைச் சிறு பகுதிகளின் கலவையா, அல்லது ஒரே சீரான வலையின் வளைவுகளா என்ற விவாதமும் பழையது. ரோன்ட்கன் 1892இலேயே கலவை என்ற யோசனையை வைத்தார். 1992இல் கணினி உருவகங்களிலிருந்து அதற்குப் புது வடிவம் கிடைத்தது. இன்றும் ஆய்வுக் கட்டுரைகள் வந்துகொண்டிருக்கின்றன. உங்கள் கேள்விக்கு அந்த விவாதம் முடியும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

திரவ நீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தியாக இருக்கும் என்ற விஷயத்தைப் பனிக்கட்டி மிதப்பதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான், அளவு வேறு. 0 டிகிரியில் திரவ நீரின் அடர்த்தி 0.99984, 4 டிகிரியில் 0.99997. வித்தியாசம் எட்டாயிரத்தில் ஒரு பங்கு. உறையும்போது வரும் மாற்றமோ பன்னிரண்டில் ஒரு பங்கு. 0 டிகிரியில் கட்டி உருகி முடிந்த பிறகும் பனிக்கட்டி போன்ற விரிந்த அமைப்பு அங்கங்கே மிச்சமிருக்கிறது. வெப்பம் ஏற ஏற அது மேலும் சரிகிறது, அதனால் நீர் சுருங்கப் பார்க்கிறது. அதே நேரம் எல்லாப் பொருள்களையும்போல வெப்பத்தால் மூலக்கூறுகள் அதிர்ந்து விலகுகின்றன, அதனால் விரியப் பார்க்கிறது. 4 டிகிரி வரை முதலாவது ஜெயிக்கிறது, அதற்கு மேல் இரண்டாவது. குளிர்நாட்டு ஏரியின் அடியில் 4 டிகிரி நீர் தங்குவதற்கு இந்த எட்டாயிரத்தில் ஒரு பங்கு காரணம். மேலே பனிப்பாளம் மூழ்காமல் கிடப்பதற்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு காரணம். ஏரி மீன்களைப் பற்றிய கேள்விக்கு இரண்டையும் எழுத வேண்டும், மிதப்பது பற்றிய கேள்விக்கு இரண்டாவது போதும்.

ஹைட்ரஜன் பிணைப்பு இருந்தால் மிதக்கும் என்று ஒரு விதியாக எடுத்துக்கொண்டால் அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். அம்மோனியாவிலும் ஹைட்ரஜன் பிணைப்பு உண்டு, ஹைட்ரஜன் புளோரைடிலும் உண்டு. இரண்டின் திடப்பொருளும் தத்தம் திரவத்தில் மூழ்கும். முன்பு சொன்ன கைகளையும் தோள்களையும் எண்ணிப் பாருங்கள். அம்மோனியாவுக்கு மூன்று கைகள், ஒரே ஒரு தோள். திட அம்மோனியாவில் அந்த ஒரே தோளில் மூன்று கைகள் நெருக்கிப் பிடிக்கின்றன. பிணைப்புகள் பலவீனமானவை, வளைந்தவை, ஆனால் ஒவ்வொரு மூலக்கூறையும் ஆறு பேர் சூழ்ந்துவிடுகிறார்கள். ஹைட்ரஜன் புளோரைடுக்கு ஒரு கை, மூன்று தோள்கள். ஆளுக்கு ஒரு கைதான் என்பதால் பிடித்தவர் ஒருவர், பிடிக்கப்பட்டவர் ஒருவர் என்று வளைந்து வளைந்து செல்லும் சங்கிலிதான் உருவாகும். சங்கிலிகள் பக்கத்தில் பக்கத்தில் நெருங்கிப் படுத்துக்கொள்ளலாம். கையும் தோளும் சமமாக இரண்டிரண்டு இருப்பது நீரில் மட்டும்தான். அதனால்தான் நான்கு திசையிலும் மிச்சமில்லாமல் பிணைந்த முப்பரிமாண வலை அதற்கு அமைகிறது. பிணைப்பின் வலுவைவிட, எண்ணிக்கை ஒத்துப்போவதுதான் இங்கே தீர்மானிக்கிறது என்பது என் கருத்து. ஹைட்ரஜன் புளோரைடின் ஒற்றைப் பிணைப்பு நீரின் பிணைப்பைவிட வலுவானது, ஆனாலும் அது மூழ்குகிறது.

மறுபக்கமும் உண்டு. சிலிக்கான், காலியம், பிஸ்மத் ஆகியவையும் உறையும்போது விரிகின்றன, அவற்றின் திடப்பொருள் உருகிய திரவத்தில் மிதக்கும். அவற்றில் ஹைட்ரஜனே இல்லை. சிலிக்கானில் நான்முகியாக நிற்கும் சகப்பிணைப்புகள் அதே வேலையைச் செய்கின்றன. திசை பார்க்கும் பிணைப்பும் குறைவான அண்டையரும்தான் பொதுவான காரணம், நீரில் அந்த வேலையை ஹைட்ரஜன் பிணைப்பு செய்கிறது.

அமைப்புதான் காரணம் என்பதற்கு எனக்குப் பிடித்த சாட்சி கனநீர். அதில் ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம், D₂O. மூலக்கூறு நிறை 18க்குப் பதில் 20. பனிக்கட்டியின் அமைப்பும் தூரங்களும் ஏறக்குறைய அப்படியே. எனவே கனநீர்ப் பனிக்கட்டியின் அடர்த்தி 0.917 × 20 ÷ 18, அதாவது 1.02 இருக்க வேண்டும். அளந்தாலும் அதுவே வருகிறது. இந்தக் கட்டியைச் சாதாரணக் குளிர்ந்த நீரில் போட்டால் மூழ்கிவிடும். திரவக் கனநீரில் போட்டால் மிதக்கும், ஏனென்றால் அதன் அடர்த்தி 1.1. இரண்டு பனிக்கட்டிகளிலும் காலியிடம் ஒரே அளவு, ஆட்களின் எடைதான் வேறு.

இன்னொரு சாட்சி அழுத்தம். வீட்டில் கிடைக்கும் பனிக்கட்டி பல வகைகளில் ஒன்று, அதற்கு ஐஸ் ஒன்று என்று பெயர். டம்மான் 1900ஆம் ஆண்டிலும் பிரிட்ஜ்மன் 1912இலும் நீரைப் பெரும் அழுத்தத்தில் உறைய வைத்து வேறு வகைகளைக் கண்டார்கள். வளிமண்டல அழுத்தத்தைப்போல சுமார் இரண்டாயிரம் மடங்கைத் தாண்டினால் உருவாகும் ஐஸ் மூன்று முதல், அதற்கு மேலான அழுத்தத்தில் வரும் ஐஸ் ஐந்து, ஐஸ் ஆறு எல்லாம் நீரைவிட அடர்த்தியானவை, மூழ்குபவை. அவற்றிலும் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் நான்கு ஹைட்ரஜன் பிணைப்புகள்தான். ஒன்றுகூடக் குறையவில்லை. அழுத்தம் கைகளை வளைத்துவிடுகிறது, இன்னும் போனால் ஒரு வலையின் காலியிடத்துக்குள் இன்னொரு வலை புகுந்து பின்னிக்கொள்கிறது. பிணைப்புகளின் எண்ணிக்கை அடர்த்தியைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதைவிட நேரான ஆதாரம் கிடையாது.

தேர்வுத்தாளில் எழுதும்போது, ஒவ்வொரு நீர் மூலக்கூறும் நான்முகியாக நான்கு மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பில் இருக்கிறது, அதனால் அறுங்கோண வளையங்களும் காலியிடங்களும் கொண்ட திறந்த அமைப்பு உருவாகிறது, உருகும்போது அமைப்பு பகுதியளவு சரிந்து காலியிடங்கள் நிரம்புகின்றன என்று எழுதுங்கள், மதிப்பெண் வந்துவிடும். "பகுதியளவு" என்பதை விட்டுவிடாதீர்கள். காற்றுக்குமிழ் இருப்பதால் மிதக்கிறது என்று எழுத வேண்டாம். ஃப்ரீசர் கட்டியின் நடுவில் வெள்ளையாகத் தெரிவது உறையும்போது சிக்கிய காற்றுதான், ஆனால் குமிழே இல்லாத தெளிந்த கட்டியும் மிதக்கும்.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி சொல்கிறேன். ஒரு கண்ணாடித் தம்ளரில் சூரியகாந்தி எண்ணெயை ஊற்றி அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், உறைந்துவிடும். குளிர்ந்த எண்ணெயின் அடர்த்தி 0.92ஐ ஒட்டி இருக்கும், பனிக்கட்டியின் 0.917க்கு மிக அருகில். அதில் ஒரு சிறு கட்டியை விட்டால் தலை வெளியே தெரியாத அளவுக்கு, ஏறக்குறைய முழுதும் அமிழ்ந்து மிதக்கும். எண்ணெயைக் குளிர வைக்காமல் நம் ஊர்க் கோடை வெப்பத்தில் செய்தால் எண்ணெய் லேசாகி, கட்டி மெல்ல அடிக்குப் போய்விடக்கூடும். சோதனை கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம், எண்ணெயை இன்னும் குளிர வைத்துத் திரும்பச் செய்யுங்கள். கட்டி உருகத் தொடங்கியதும் அதன் அடியில் நீர்த்துளி திரண்டு, பிரிந்து, நேராக அடியில் போய்ச் சேரும். கொஞ்சம் முன்பு மேலே நின்ற அதே மூலக்கூறுகள்தான் அவை. தேங்காய் எண்ணெயை வீணாக்காமல் வேறு சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள்: மார்கழியில் உறைந்த எண்ணெயில் ஒரு துண்டை எடுத்து, உருகிய தேங்காய் எண்ணெயில் போட்டால் அது மூழ்கும்.